1991-ஐப் பற்றிக் கேட்டேன், 1980 பதில் சொன்னது

இந்தியப் பொருளாதாரம் எப்போது வேகமெடுத்தது என்று யாரைக் கேட்டாலும் 1991 என்பார்கள். நரசிம்ம ராவ் பிரதமர், மன்மோகன் சிங் நிதியமைச்சர், ஜூலையில் ரூபாய் மதிப்புக் குறைப்பு, அதே மாதம் 24-ஆம் தேதி புதிய தொழிற்கொள்கையும் பட்ஜெட்டும். அதற்கு முன்னால் லைசென்ஸ் ராஜ், அதற்குப் பின்னால் வளர்ச்சி. பாடப்புத்தகமும் தொலைக்காட்சி விவாதமும் ஒரே குரலில் சொல்கிற விஷயம் இது. தரவோடு வேலை பார்ப்பவன் என்பதால் இப்படி எல்லோரும் ஒத்துப்போகிற தேதி கிடைத்தால் எனக்குக் கை அரிக்கும். எண்கள் அதைச் சொல்கின்றனவா என்று போட்டுப் பார்க்கத் தோன்றும்.

இந்தக் கேள்வியை நான் முதலில் எழுப்பவில்லை. 2000-களின் தொடக்கத்தில் பிராட்ஃபோர்ட் டிலாங், டேனி ரோட்ரிக், அரவிந்த் சுப்பிரமணியன், அரவிந்த் பனகரியா போன்ற பொருளியலாளர்கள் இதில் பெரிய வாதமே நடத்தினார்கள். திருப்புமுனை 1991-இல் இல்லை, 1980-ஐ ஒட்டி இருக்கிறது என்பது ஒரு தரப்பு. அப்படித் தெரிவது வெறும் சராசரிக் கணக்கின் மாயம் என்பது மறுதரப்பு. இரண்டு தரப்பும் பார்த்தது கிட்டத்தட்ட ஒரே எண்களைத்தான். அந்த எண்களை எடுத்து நாமே ஒரு எளிய சோதனை செய்தால் வாதம் எங்கே பிறக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

முதலில் தரவு. காரணிச் செலவில், அதாவது மறைமுக வரியையும் மானியத்தையும் சேர்க்காமல், 2004-05 விலைகளில் கணக்கிட்ட ஜிடிபியின் ஆண்டு வளர்ச்சி விகிதம். 1951-52 முதல் 1999-2000 வரை 49 எண்கள். நிதியாண்டுக் கணக்கு, அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை. (கடைசிச் சில ஆண்டுகளின் எண்கள் ஒவ்வொரு வெளியீட்டிலும் தசமத்தில் கொஞ்சம் மாறும். அதனால் இங்கே சொல்லப்போகும் எதுவும் புரண்டுவிடாது.) 1999-2000 வரை நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. அந்த வாதம் நடந்தபோது கையில் இருந்த காலம் ஏறக்குறைய அதுதான். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பது தனிக் கதை, அதற்கும் வருகிறேன்.

சோதனையின் பெயர் சௌ சோதனை. கிரெகரி சௌ 1960-இல் எழுதியது. அடிப்படை எண்ணம் ரொம்ப எளிது. 49 ஆண்டுகளுக்கும் ஒரே சராசரி என்று வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, விலகல்களை வர்க்கமாக்கிக் கூட்டுகிறோம். பிறகு தொடரை ஒரு தேதியில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சராசரி கொடுத்து, மறுபடி அதே கூட்டலைச் செய்கிறோம். இரண்டு சராசரி கொடுத்தால் விலகல் எப்படியும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். கேள்வி, அந்தக் குறைவு தற்செயலாக வரக்கூடிய அளவுதானா, அதைவிடப் பெரிதா என்பது. அதை ஒரே எண்ணாகச் சுருக்கித் தருவதுதான் எஃப்.

```
F = ((RSS0 - (RSS1 + RSS2)) / k) / ((RSS1 + RSS2) / (n - 2k))
```

RSS0 என்பது வெட்டாத தொடரின் விலகல் கூட்டு. RSS1, RSS2 இரண்டு துண்டுகளுடையவை. நாம் சராசரியை மட்டுமே மதிப்பிடுவதால் k = 1, n = 49. ஆகவே 1, 47 என்ற சுதந்திர அளவுகளில் எஃப் பரவலைப் பார்க்க வேண்டும். 5 சதவீத மட்டத்தில் எல்லைக்கோடு ஏறக்குறைய 4.05. அதைத் தாண்டினால் முறிவு இருக்கிறது என்று சொல்ல முகாந்திரம் உண்டு.

சரி, 1991-92-இல் வெட்டுவோம். அதற்கு முந்தைய 40 ஆண்டுகளின் சராசரி வளர்ச்சி 4.06 சதவீதம். அந்த ஆண்டு முதலான 9 ஆண்டுகளின் சராசரி 5.91. கிட்டத்தட்ட 2 சதவீதப் புள்ளி ஏற்றம், கண்ணுக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது. வெட்டாத தொடரின் விலகல் கூட்டு 480.9. வெட்டிய பிறகு 421.0 + 34.8 = 455.8. குறைந்தது 25.1. அதை 455.8 / 47 = 9.70 என்பதால் வகுத்தால் எஃப் 2.59. எல்லைக்கோடு 4.05.

ஆக, நாடே ஒப்புக்கொண்ட திருப்புமுனை, பாடப்புத்தகச் சோதனையில் தேறவில்லை.

இங்கேயே நிறுத்தி "1991 ஒரு கட்டுக்கதை" என்று தலைப்பு போட்டுவிடலாம். அப்படிப் போட்டவர்களும் உண்டு. ஆனால் வெட்டுத் தேதியை ஒரே ஒரு ஆண்டு தள்ளிப் பாருங்கள். சீர்திருத்தம் ஜூலை 1991-இல்தான் தொடங்கியது, அந்த நிதியாண்டின் வளர்ச்சியை அதன் கணக்கில் எழுதுவது நியாயமில்லை, எனவே புதிய காலம் 1992-93-இல் தொடங்குகிறது என்று ஒருவர் சொன்னால் அதை மறுப்பது கடினம். இப்போது எஃப் 4.39. எல்லையைத் தாண்டிவிட்டது!

மாறியது ஒரே ஓர் ஆண்டின் இடம்தான். 1991-92-இல் வளர்ச்சி 1.4 சதவீதம். அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றி, ரிசர்வ் வங்கி தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்து, இறக்குமதியை இறுக்கிப் பிடித்த ஆண்டு அது. அந்த 1.4-ஐ "பின்" கணக்கில் போட்டால் நெருக்கடியின் பழி சீர்திருத்தத்தின் தலையில் விழுகிறது. "முன்" கணக்கில் போட்டால் பழைய ஆட்சிமுறையின் சராசரி இறங்குகிறது. எங்கே போடுவது என்பதற்குப் புள்ளியியல் பதில் சொல்லாது. அது பொருளாதார வரலாற்றுக் கேள்வி. ஆனால் நாம் என்ன முடிவெடுக்கிறோமோ அதற்கேற்பப் புள்ளியியல் தலையாட்டும். தேதியை நாம் கொடுக்கிறோம், பதிலை அது கொடுக்கிறது. சௌ சோதனையின் முதல் பலவீனம் இதுதான்.

இதற்கு மருந்து, எந்தத் தேதியையும் முன்கூட்டியே கொடுக்காமல் எல்லாத் தேதியிலும் வெட்டிப் பார்ப்பது. இரண்டு முனைகளிலும் 15 சதவீதம் விட்டுவிட்டு (மூன்று நான்கு ஆண்டுகளின் சராசரியை நம்பி எதுவும் சொல்ல முடியாது என்பதால்) நடுவில் உள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் எஃப் கணக்கிடலாம். ஆர் மொழியில் பத்து வரி கூட ஆகாது. g என்பது 49 வளர்ச்சி விகிதங்கள்.

```r
rss  <- function(x) sum((x - mean(x))^2)
chow <- function(g, n1) {
  n  <- length(g)
  r1 <- rss(g[1:n1]) + rss(g[(n1 + 1):n])
  (rss(g) - r1) / (r1 / (n - 2))
}
f <- sapply(8:41, function(i) chow(g, i))
```

இதில் உச்சம் 1980-81-இல் வருகிறது. அதாவது 1979-80 வரை ஒரு துண்டு, அதன் பின் இன்னொரு துண்டு. முதல் 29 ஆண்டுகளின் சராசரி 3.49 சதவீதம். பொருளியலாளர் ராஜ் கிருஷ்ணா "இந்து வளர்ச்சி விகிதம்" என்று கிண்டலாகப் பெயர் வைத்த அந்த மூன்றரை சதவீதம் அப்படியே வந்து உட்கார்கிறது. பிந்தைய 20 ஆண்டுகளின் சராசரி 5.72. விலகல் கூட்டு 480.9-இலிருந்து 422.2-க்கு இறங்குகிறது. எஃப் 6.53.

இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானது ஜனவரி 1980. 1980-தான் திருப்புமுனை என்பவர்களின் கதை இங்கிருந்து தொடங்குகிறது.

ஆனால் இங்கேயும் ஒரு ஆண்டு நகர்த்தும் விளையாட்டை ஆடிப் பார்க்க வேண்டும். வெட்டை 1980-81-இலிருந்து ஒரே ஓர் ஆண்டு முன்னால் கொண்டுபோனால், அதாவது 1979-80-ஐப் புதிய காலத்தில் சேர்த்தால், எஃப் 6.53-இலிருந்து 2.40-க்கு விழுகிறது. 1991-இன் கதையைவிட மோசம். காரணம், 1979-80-இல் வளர்ச்சி மைனஸ் 5.2 சதவீதம். சுதந்திர இந்தியா அதுவரை கண்ட மிக மோசமான ஆண்டு. பருவமழை பொய்த்து, வேளாண் உற்பத்தி ஏறக்குறைய 13 சதவீதம் சரிந்து, கூடவே இரண்டாவது எண்ணெய் விலையேற்றமும் சேர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு மழை வந்தது, வளர்ச்சி 7.2. ஒரு பஞ்ச ஆண்டின் பள்ளம் முன்பக்கம், அதிலிருந்து எழுந்த மேடு பின்பக்கம். வெட்டுக்கு இதைவிட வசதியான இடம் வேறு கிடைக்காது. சோதனை கண்டுபிடித்தது கொள்கை மாற்றத்தையா, மழையையா?

இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி, அந்த இரண்டு ஆண்டுகளையும் தூக்கிவிட்டுக் கணக்குப் போடுவது. 1978-79 வரை சராசரி 3.80. 1981-82 முதல் 5.64. எஃப் 5.04. குறைந்தாலும் எல்லைக்கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது. ஆகவே 1980-ஐ ஒட்டி ஏதோ நடந்தது என்பது வெறும் மழைக்கணக்கு இல்லை. ஆனால் சரியாக 1980-81 என்ற ஆண்டை அந்த உச்சத்துக்குத் தள்ளிவிட்டதில் மழைக்குப் பங்கு உண்டு. ஆண்டை இவ்வளவு துல்லியமாகக் குறிப்பிட்டு, அந்த ஆண்டில் நடந்த அரசியல் நிகழ்வைத் தேடிப்பிடித்து முடிச்சுப் போடுகிறவர்களிடம் எனக்கு இதனால்தான் தயக்கம்.

அடுத்தது, பலரும் தவறவிடும் இடம். 4.05 என்ற எல்லைக்கோடு ஒரே ஒரு தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதிப்பவருக்கு உரியது. நாம் 34 தேதிகளைச் சோதித்து, அவற்றில் பெரியதை எடுத்தோம். 34 லாட்டரிச் சீட்டு வாங்கியவருக்குப் பரிசு விழுந்தால் அதை ஒரு சீட்டுக்காரரின் அதிர்ஷ்டத்தோடு ஒப்பிட முடியாது. உச்ச எஃப் எந்த அளவைத் தாண்ட வேண்டும் என்பதை டொனால்ட் ஆண்ட்ரூஸ் 1993-இல் அட்டவணையாகக் கொடுத்தார். ஒரே ஒரு அளவுரு, 15 சதவீத விளிம்பு என்றால் 5 சதவீத மட்டத்தில் அது எட்டரைக்குச் சற்று மேலே. நம் உச்சம் 6.53. தேறவில்லை.

அப்படியானால் முறிவே இல்லையா? அவசரப்பட வேண்டாம், இன்னொரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. சௌ சோதனை இரண்டு துண்டுகளிலும் ஏற்ற இறக்கத்தின் அளவு ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறது. நம் தரவில் அது பொய். 1979-80 வரை வளர்ச்சி விகிதத்தின் திட்டவிலக்கம் 3.5 புள்ளி. அதன் பின் 2.1 மட்டுமே. வேளாண்மையின் பங்கு சுருங்கச் சுருங்க, ஒரு பருவமழை மொத்தப் பொருளாதாரத்தையே ஆட்டிவைப்பது குறைந்தது. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் அதனதன் பரவற்படியைக் கொடுத்துச் செய்தால் 1980-81-இன் எஃப் 7.8 ஆகிறது. எட்டரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, ஆனாலும் தாண்டவில்லை. என் வாசிப்பு இது: வளர்ச்சி 1980-களில் கூடியதற்கான அடையாளம் வலுவாகவே இருக்கிறது. 49 எண்களை மட்டும் வைத்துக்கொண்டு தேதியை ஆண்டு சொல்லி அடித்துப் பேசும் அளவுக்கு வலு இல்லை. எஃப்களை வரைந்து பார்த்தாலும் இது தெரியும். கூர்மையான ஒற்றைச் சிகரம் கிடையாது. 1980-81-இல் ஒரு உச்சம், பிறகு நாலிலிருந்து ஆறு வரை ஏறி இறங்கும் மேட்டுநிலம், 1988-89-இல் 5.86 என்று இன்னொரு முகடு. அந்த இரண்டாவது முகட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1991-க்குத் திரும்புவோம். 1992-93-இல் வெட்டினால் 4.39 வந்ததே, அது எங்கிருந்து வந்தது? முன்பக்கத் துண்டில் 1950-களும் 60-களும் 70-களும் இருக்கின்றன. வளர்ச்சி 1980-இலேயே கூடியிருந்தாலும், 1991-இலோ 1992-இலோ வெட்டினால் பின்பக்கச் சராசரி முன்பக்கத்தைவிடக் கூடுதலாகத்தான் தெரியும். ஏறிய படி ஒன்றுதான், அதன் நிழல் பத்தாண்டுகள் தள்ளியும் விழுகிறது. எனவே நியாயமான ஒப்பீடு, 1980-81 முதலான 20 ஆண்டுகளை மட்டும் எடுத்து அதற்குள் 1991-92-இல் வெட்டுவது. 1980-களின் 11 ஆண்டுகளின் சராசரி 5.56. அதன் பின் 9 ஆண்டுகளின் சராசரி 5.91. எஃப் 0.13. ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். நெருக்கடி ஆண்டை முன்பக்கம் தள்ளி 1992-93-இல் வெட்டினாலும் 1.8-தான். இந்தச் சிறிய தொடருக்கு எல்லைக்கோடு 4.4.

டிலாங்கும் ரோட்ரிக்-சுப்பிரமணியன் இணையும் நின்றது இந்த இடத்தில்தான். 1980-களில் ஏற்கெனவே வேகம் வந்துவிட்டது, 1991 அதைக் கூட்டவில்லை, தொடரத்தான் செய்தது என்பது அவர்கள் பக்கத்தின் சாரம்.

ஆனால் 0.13 என்ற எண்ணை "1991-க்கு விளைவு இல்லை" என்று படிப்பது தப்பு. இந்த 20 எண்களை வைத்து எவ்வளவு பெரிய மாற்றத்தை நம்மால் கண்டுபிடிக்க முடியும் என்று கேளுங்கள். திட்டவிலக்கம் 2.1, ஒருபக்கம் 11 ஆண்டு, மறுபக்கம் 9 ஆண்டு. இரண்டு சராசரிகளுக்கு இடையிலான வேறுபாட்டின் திட்டப்பிழை ஏறக்குறைய 1 சதவீதப் புள்ளி. அப்படியென்றால் வேறுபாடு 2 புள்ளியாவது இருந்தால்தான் சோதனை அதைப் பார்க்கும். நிஜமாகவே வளர்ச்சி 5.5-இலிருந்து 6.5-க்கு ஏறியிருந்தால்? இருபது ஆண்டில் பொருளாதாரம், 5.5-இலேயே நின்றிருந்தால் எட்டியிருக்கும் அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகிவிடும். அந்த அளவுக்குப் பெரிய சீர்திருத்த வெற்றி இந்தச் சோதனையின் கண்ணில் படாமலே போகலாம். ஆண்டுக்கு ஓர் எண் மட்டுமே கிடைக்கும் தொடரில் இதற்கு வைத்தியம் கிடையாது, காலம் போகட்டும் என்று காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

பனகரியாவின் பதில் வேறு திசையில் வந்தது. 1980-களை ஒரே துண்டாகப் பார்ப்பதே தவறு என்றார். நம் எண்களிலேயே அது தெரியும். 1981-82 முதல் 1987-88 வரை ஏழு ஆண்டுகளின் சராசரி 4.6 மட்டுமே. அடுத்த மூன்று ஆண்டுகளில், 1988-89 முதல் 1990-91 வரை, 7.2. அதிலும் 1988-89 தனியாக 10.2. முந்தைய ஆண்டின் வறட்சியிலிருந்து எழுந்த துள்ளல் அதில் கொஞ்சம் உண்டு. 1980-களின் சராசரியை 5.56-க்குத் தூக்கிவிட்டது பெருமளவு அந்தக் கடைசி மூன்று ஆண்டுகள்தான். (1988-89-இல் பார்த்த இரண்டாவது முகடு இதுதான்.) அந்த மூன்று ஆண்டுகளின் பின்னால் இரண்டு விஷயங்கள் இருந்தன என்பது அவர் வாதம். ஒன்று, ராஜீவ் காந்தி காலத்தில் தொடங்கிய தளர்வுகள்: 1985-இல் பல தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை என்றானது, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர்ந்தன, ரூபாயின் மெய்மதிப்பு இறங்கவிடப்பட்டது. இன்னொன்று, வெளிநாட்டுக் கடனும் அரசின் பற்றாக்குறைச் செலவும். கடனில் ஓடிய வேகம் 1991-இல் நெருக்கடியில் போய் முட்டியது. தாங்காத வேகத்தை "முன்" சராசரியில் சேர்த்துவிட்டு, தாங்கிய வேகத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லை என்பது சரியா?

இது ஆழமான ஆட்சேபம் என்று நினைக்கிறேன். சராசரிச் சோதனை ஒவ்வோர் ஆண்டையும் ஒரே தரமாக எண்ணும். கடனில் வந்த 7 சதவீதமும் உற்பத்தித்திறனில் வந்த 7 சதவீதமும் அதற்கு ஒன்றுதான். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஜிடிபி தொடரை விட்டு வெளியே வந்து நடப்புக் கணக்கு, நிதிப்பற்றாக்குறை, மொத்தக் காரணி உற்பத்தித்திறன் ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். ரோட்ரிக்கும் சுப்பிரமணியனும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான், உற்பத்தித்திறனே 1980-களில் ஏறிவிட்டது, கடன் மட்டும் காரணமில்லை என்றார்கள். அவர்கள் சொன்ன காரணம், அரசு தனியார் துறையை எதிரியாகப் பார்ப்பதை நிறுத்தி, ஏற்கெனவே இருந்த தொழிலதிபர்களுக்கு அனுசரணையாக மாறிய மனப்போக்கு. சந்தையைத் திறந்துவிட்ட 1991-இன் சீர்திருத்தத்திலிருந்து இதை வேறுபடுத்தினார்கள். சுவாரசியமான விளக்கம்தான். ஆனால் மனப்போக்குக்கு அரசிதழில் தேதி இருக்காது. முறிவு 1978-இல் வந்திருந்தாலும் 1983-இல் வந்திருந்தாலும் அதே விளக்கம் பொருந்தியிருக்கும் என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

மறுபக்கத்திலும் இதே நெகிழ்ச்சி உண்டு. தொடரை 2002-03 வரை நீட்டினால் 1991-92 முதலான 12 ஆண்டுகளின் சராசரி 5.55. 1980-களின் 5.56-க்கு அச்சு அசல். பிறகு 2003-04 முதல் 2007-08 வரை ஐந்து ஆண்டுகளின் சராசரி 8.7. சந்தேகமில்லாத பாய்ச்சல். உடனே, பார்த்தீர்களா, 1991-இன் பலன் இப்போது வருகிறது, சீர்திருத்தம் வேலை செய்யக் காலம் பிடிக்கும் என்றார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் உலகம் முழுக்கவே பணம் ஆறாக ஓடியது, வளரும் நாடுகள் பலவும் வேகமாக வளர்ந்தன. பன்னிரண்டு ஆண்டுத் தாமதத்தை அனுமதித்தால் எந்த முறிவையும் எந்தச் சீர்திருத்தத்தோடும் கோர்த்துவிடலாம். தாமதம் எவ்வளவு, ஏன் அவ்வளவு என்பதை முறிவைத் தேடுவதற்கு முன்பே எழுதி வைக்காதவரை அந்த வாதத்தைச் சோதிக்க வழியே இல்லை.

அப்படியானால் முறிவை ஒரு சீர்திருத்தத்தோடு இணைக்கவே முடியாதா? ஒரே தொடரை வைத்துக்கொண்டு முடியாது என்பது என் முடிவு. தேதி பொருந்துவது ஒரு தடயம் மட்டுமே, அதே தேதியில் பொருந்த மழையும் எண்ணெயும் கடனும் தேர்தலும் வரிசையில் நிற்கின்றன. இணைக்க வேண்டுமானால், சீர்திருத்தம் தொட்ட இடமும் தொடாத இடமும் தனித்தனியாகத் தெரியும் தரவு வேண்டும்.

லைசென்ஸ் ராஜ் விஷயத்தில் அப்படி ஒரு வாய்ப்பு இருந்தது. உரிம நீக்கம் எல்லாத் தொழிலுக்கும் ஒரே நாளில் வரவில்லை. 1985-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தொழில்களுக்கு, மீதியில் பெரும்பாலானவற்றுக்கு 1991-இல், இன்னும் சிலவற்றுக்கு அதற்கும் பிறகு. பிலிப் அகியான், ராபின் பர்ஜெஸ், ஸ்டீபன் ரெடிங், ஃபாப்ரிசியோ ஸிலிபோட்டி நால்வரும் இதைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு தொழிலும் உரிமம் நீங்கிய ஆண்டுக்கு முன்னும் பின்னும் எப்படி நடந்துகொண்டது என்று பார்த்தார்கள். நாடு முழுக்கப் பெய்யாத மழையும் நாடு முழுக்க ஏறிய எண்ணெய் விலையும் எல்லாத் தொழிலையும் ஆண்டுவாரியாகப் பொதுவில் பாதிக்கும் வரையில் இந்த ஒப்பீட்டில் கழிந்துவிடும். 2008-இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு எளிமையாக இல்லை. உரிமம் நீங்கியதும் எல்லா இடத்திலும் உற்பத்தி பாயவில்லை. தொழிலாளர் சட்டத் திருத்தங்கள் நிறுவனங்களுக்குச் சாதகமாக இருந்த மாநிலங்களில் அந்தத் தொழில்கள் கூடுதலாக வளர்ந்தன, தொழிலாளர்களுக்குச் சாதகமாக இருந்த மாநிலங்களில் பின்தங்கின. அந்த வகைப்பாட்டில் தமிழ்நாடு முதல் பட்டியலில் இருக்கிறது, மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் இரண்டாவதில். குஜராத்தும் தொழிலாளர் பக்கம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து வகைப்பாட்டின் மீதே கேள்வி எழுப்பியவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

இதிலும் ஒரு விலை இருக்கிறது. இந்த வகை ஒப்பீடு, உரிமம் நீங்கிய தொழில் நீங்காததைவிட எவ்வளவு கூடுதலாக வளர்ந்தது என்பதைத்தான் சொல்லும். நாட்டின் மொத்த வளர்ச்சி 3.5-இலிருந்து 5.7-க்கு ஏறியதில் உரிம நீக்கத்தின் பங்கு எவ்வளவு என்று சொல்லாது. ஒரு தொழில் வளர்ந்தது இன்னொன்றிலிருந்து முதலீட்டையும் ஆட்களையும் இழுத்துக்கொண்டதால் என்றால், ஒப்பீட்டில் விளைவு பெரிதாகத் தெரியும், ஜிடிபியில் ஒன்றும் தெரியாது. மொத்தத் தொடரில் முறிவு தெரிகிறது, காரணம் தெரியவில்லை. பிரித்த தரவில் காரணம் தெரிகிறது, மொத்த அளவு தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப, முதலீடும் தொழிலாளரும் துறைகளுக்கிடையே எப்படி நகர்கிறார்கள் என்று ஒரு மாதிரியை அனுமானித்தாக வேண்டும். அங்கே 1980 கட்சிக்காரரும் 1991 கட்சிக்காரரும் ஆளுக்கொரு அனுமானத்தோடு வருவார்கள், எஃப் சோதனை அவர்களுக்கிடையே தீர்ப்புச் சொல்லாது.